சுருக்கமா, ஒருத்தர் பேரும் விடாம

பௌர்ணமிக்கு முந்தின நாள் பார்த்து யாரும் சாகாமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்று வினோதினிக்குத் தோன்றியது. தோன்றிய உடனேயே ச்சீ, என்ன நினைப்பு இது என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஆனாலும் தோன்றியது தோன்றியதுதான். மனுஷிக்கு உடம்பு என்று ஒன்று இருக்கிறதே.

ஒரு வாரமாக அவளுக்குச் சோறு இறங்கவில்லை, தூக்கம் இல்லை. செங்கம் ரோட்டில் அப்பாசாமியின் பிளெக்ஸ் கடையில் டிசைன் போடுகிறவள் அவள் ஒருத்திதான். கிரிவலம் வருகிற ஜனங்களுக்கு அன்னதானம் போடுகிற புண்ணியவான்கள் எல்லாம் வாரம் முழுக்க அவள் தலையில்தான் வந்து விடிந்தார்கள். சாம்பார் சாதம் போடுகிறவருக்குத் தன் முகம் சாமியைவிடப் பெரிதாக வர வேண்டும். மோர் ஊற்றுகிறவருக்குத் தன் மகனின் முகமும் சேர்ந்து வர வேண்டும். தண்ணீர் பாட்டில் கொடுக்கிறவர் மட்டும் தன் போட்டோ வேண்டாம் என்றார். அவளுக்கு அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது. சாயங்காலமே அவர் மனைவி கூப்பிட்டு, அவர் சொன்னதைக் கேட்காதே, போட்டோ போடு என்றாள்.

இந்த நெரிசலில்தான் அன்று காலை கடை போனுக்கு வாட்ஸப்பில் ஒரு செய்தி வந்தது. அடி அண்ணாமலையிலிருந்து தசரதன் என்பவர் அனுப்பியிருந்தார்.

'எங்க அம்மா ஆராயி விடிகாலைல தவறிட்டாங்க. கண்ணீர் அஞ்சலி பேனர் ஒண்ணு வேணும். சுருக்கமா இருக்கணும். எழுத்து நிறைய வேணாம், அம்மா முகமும் எடுக்கற நேரமும் தெரிஞ்சா போதும். கீழ இருக்கற சொந்தக்காரங்க பேரு எல்லாம் முறையோட வரணும், ஒருத்தர் பேரும் விடக்கூடாது. சாயங்காலம் எடுக்கறோம். மதியத்துக்குள்ள குடுத்துடுங்க.'

அதன் கீழே பேர்கள். மகன், மருமகள், சகோதரர், மகள்கள், மருமகன்கள், பேரன் பேத்திகள், பங்காளிகள், சம்பந்திகள். திரையை விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தன. நாற்பது பேருக்குக் குறையாது. சின்னப் பிள்ளைகளுக்குப் பெயருக்குப் பக்கத்தில் வகுப்பு வேறு போட்டிருந்தது.

கடைசியில் ஒரு போட்டோ. ஏதோ கல்யாணத்தில் எடுத்தது. பச்சைப் பட்டுப்புடவையில் ஒரு வயதான அம்மா, வெற்றிலை போட்ட வாயை மூடிக்கொண்டு சிரிக்கிறாள். பக்கத்தில் நின்றவர்களின் உடம்பு பாதி பாதியாகத் தெரிந்தது. அவள் தோளில் யாரோ ஒரு ஆளின் கை.

வினோதினி செய்தியை இன்னொரு தரம் படித்தாள். எழுத்து நிறைய வேண்டாம். ஒருத்தர் பேரும் விடக்கூடாது. இரண்டும் அடுத்தடுத்த வாக்கியங்கள். எழுதினவருக்கு இது தெரியவில்லையா, இல்லை தெரிந்தேதான் எழுதினாரா?

வழக்கம்போல முதலில் போட்டோவை எடுத்துக்கொண்டாள். அஞ்சலி பேனரில் செத்தவர் முகம் மட்டும்தான் இருக்க வேண்டும், பக்கத்தில் உயிரோடு இருக்கிறவர் ஒட்டிக்கொண்டு நிற்கக்கூடாது. இது எல்லாக் கடையிலும் உள்ள முறை. சுற்றிலும் இருந்தவர்களை மறைத்தாள். தோளில் இருந்த கையையும் மறைத்து, அந்த இடத்தில் புடவைப் பச்சையை இழுத்து நிரப்பினாள். ஆராயி தனியாக நின்றாள்.

அப்புறம் பேர்களை வைத்துப் பார்த்தாள். பாதி வருவதற்குள் பேனர் நிரம்பிவிட்டது. எழுத்தைக் குறைத்தாள், முகத்தைக் குறைத்தாள், மாலையை எடுத்தாள், விளக்கை எடுத்தாள். எல்லாப் பேரும் ஒருவழியாக உட்கார்ந்தபோது ஆராயி மேல் மூலையில் ரேஷன் கார்டு போட்டோ அளவுக்குப் போயிருந்தாள். பார்த்தால் அஞ்சலி பேனராகத் தெரியவில்லை, பள்ளிக்கூடத்துத் தேர்ச்சிப் பட்டியல் மாதிரி இருந்தது.

"சார், இங்க கொஞ்சம் பாருங்க" என்று அப்பாசாமியைக் கூப்பிட்டுச் செய்தியைக் காட்டினாள்.

அப்பாசாமி கெட்டவர் இல்லை. ஆனால் பௌர்ணமி சமயத்தில் அவருக்குக் காது பாதிதான் வேலை செய்யும். மிஷினில் ஓடிக்கொண்டிருந்த அன்னதானத்தின் மேல் ஒரு கண்ணை வைத்துக்கொண்டே படித்தார்.

"இதுல இன்னா சந்தேகம்? பேர் எல்லாம் போட்டுட்டல்ல, மிஷினுக்கு அனுப்பு."

"சுருக்கமா வேணும்னும் சொல்லிக்கிறாங்க சார். முகம் தெரியணுமாம். ரெண்டும் ஒண்ணா வரல."

"பேரை விட்டாதாம்மா சண்டை வரும். முகம் சின்னதா போச்சுன்னு எவனும் சண்டைக்கு வரமாட்டான். போன ஆடியில பாத்தோமே."

போன ஆடியில் பார்த்தது உண்மைதான். ஒரு மருமகன் பேர் விட்டுப்போய், அவர் கடைக்கே வந்து பேனரைக் கிழித்துப் போட்டார். அந்தப் பேர் அவர்கள் அனுப்பின செய்தியிலேயே இல்லை. இருந்தும் திட்டு வாங்கினது வினோதினி.

"ஒரு வார்த்தை கேட்டுடறேன் சார்."

"சாவு வீடும்மா. பொணத்த வெச்சுக்கினு இருக்கறவங்கள போன் பண்ணி கேள்வி கேப்பியா? அவங்களுக்கு கோவம் வந்தா?"

அம்மாவைப் பறிகொடுத்துவிட்டு நிற்கிறவனிடம் போய், நீ எழுதினது ஒன்றுக்கொன்று இடிக்கிறது என்று சொல்லுவது நன்றாகவா இருக்கும்? ஆனால் கேட்காமல் செய்தால் என்ன ஆகும் என்றும் அவளுக்குத் தெரியும். அவளாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து அடித்து அனுப்புவாள். ஊர் முனையில் கட்டின பிறகுதான் அவர்கள் பார்ப்பார்கள். அதற்குள் மாற்ற நேரம் இருக்காது, மனசுதான் கெடும். சாவு ஒரு தரம்தானே வருகிறது.

போனை எடுத்து எழுத ஆரம்பித்தாள். 'நீங்க ரெண்டு மாதிரி சொல்லியிருக்கீங்க' என்று எழுதிவிட்டுப் பார்த்தாள். குற்றம் கண்டுபிடிக்கிற மாதிரி இருந்தது. அழித்தாள். 'எது வேணும்னு தெளிவா சொல்லுங்க' என்று எழுதினாள். அது இன்னும் மோசம். மனுஷன் தெளிவாக இருக்கிற நாளா இது? அதையும் அழித்தாள். கண் எரிந்தது. ஆறிப்போன டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, திரும்ப எழுதினாள்.

'அண்ணா, அம்மா போனதுக்கு ரொம்ப வருத்தமா இருக்கு. பேனர் ஆரம்பிச்சிட்டேன், மதியத்துக்குள்ள குடுத்துடுவேன். ஒண்ணே ஒண்ணு கேக்கணும். எல்லா பேரும் போட்டா அம்மா முகம் ரொம்ப சின்னதா போவுது. முகம் பெருசா வெச்சா பேருக்கு இடம் பத்தல. ரெண்டு மாதிரியும் போட்டு அனுப்பறேன், பாருங்க. பேரு எல்லாத்தையும் காரியப் பத்திரிகைல போட்டுட்டு பேனரை சுருக்கமா விடலாம்னு எனக்கு தோணுது. ஆனா உங்க வீட்ல எப்படியோ, நீங்க சொல்ற மாதிரியே செய்யறேன்.'

காரியப் பத்திரிகை என்றால் பதினாறாம் நாள் காரியத்துக்குச் சொந்தக்காரர்களைக் கூப்பிட அச்சடிப்பது. அது கையில் வைத்துப் படிக்கிற காகிதம். நாற்பது பேர் என்ன, எண்பது பேர் வந்தாலும் தாங்கும். ரோட்டில் போகிறவன் பஸ் ஜன்னலிலிருந்து படிக்கிற பேனர் தாங்காது.

முகம் பெரிதாக ஒன்று போட்டாள். மேலே ஆராயி, கீழே பேர், ஊர், எடுக்கிற நேரம், அவ்வளவுதான். இரண்டையும் அனுப்பினாள். பார்த்துவிட்டதற்கு அடையாளமாக டிக் நீலமானது. பதில் வரவில்லை.

மோர்ப் பந்தல் பேனரில் ஒரு எழுத்துப் பிழையைத் திருத்திக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. தசரதன்தான். பின்னால் பறைச் சத்தமும் பெண்கள் அழுகையும் கேட்டன.

"ரெண்டுமே வேணும்னுதானமா போட்டிருக்கறேன்." குரலில் கோபம்கூட இல்லை, அத்தனை அலுப்பு.

"ஆமாங்கண்ணா, ரெண்டுமே சரியாத்தான் சொல்லிக்கிறீங்க. பேனருதான் பத்தல. அதான் எது முதல்லன்னு உங்கள கேட்டுடலாம்னு."

பறைச் சத்தம் தள்ளிப் போனது. ஆள் வீட்டைவிட்டு வெளியே நடந்து வந்திருப்பார் போல.

"இப்பதான் நான் அனுப்பனத நானே படிக்கறேன்" என்றார் தசரதன். "மொத பாதி அம்மா சொன்னதுமா. ஆஸ்பத்திரில இருக்கும்போது சொல்லிச்சு. எனக்கு ரோடு பூரா பேனர் வெக்காதடா, என் பேரும் எப்ப எடுக்கறதும் போட்டா போதும், வேணும்ங்கறவன் வருவான்னு."

"சரிங்கண்ணா."

"அந்த பேருங்க எங்க மாமாவுக்காக போட்டது. அம்மாவோட தம்பி, ஆதிமூலம்னு, கீழ்பென்னாத்தூர்ல இருக்காரு. நான் வீடு கட்டி புகுவிழா வெச்சப்ப பத்திரிகைல அவர் பேரு கடைசி வரிக்கு போயிடுச்சு. அன்னிக்கு கோவிச்சுக்கினு போனவருதான், எங்க வாசப்படி மிதிக்கல. அம்மா படுத்தப்ப கூட வரல. இன்னிக்கு வராரு. இதுலயும் அவர் பேரு இல்லன்னா கோடிய குடுக்காமயே திரும்பிடுவாரு. அவர் பேர மட்டும் போட்டா மத்தவங்க சும்மா இருப்பாங்களா? அதான் எல்லாரையும் போட்டேன்."

வினோதினிக்கு இப்போது விஷயம் புரிந்தது. பெண் செத்தால் பிறந்த வீட்டிலிருந்து கோடிப் புடவை வர வேண்டும். அதைப் போர்த்தாமல் எடுக்க மாட்டார்கள். அண்ணனோ தம்பியோ முறைத்துக்கொண்டு போய்விட்டால் பிணம் அப்படியே கிடக்கும், பெரியவர்கள் காலில் விழுந்து சமாதானம் பேசுவார்கள், இருட்டிவிடும். அவள் சித்தி சாவில் அதைப் பார்த்திருக்கிறாள்.

"நீ சொல்ற மாதிரி காரியப் பத்திரிகைல போடறதுதான் எனக்கும் சரின்னு படுது" என்றார் தசரதன். "ஆனா மாமா ஒத்துக்கணும். நான் சொன்னா, என் பேர எடுக்கறதுக்குன்னே பண்றாம்பாரு. டவுன்லதான் கோடி எடுத்துக்கினு இருக்காரு. கடைக்கு வரச் சொல்றேன். நீயே காட்டிடுமா."

"நானாங்கண்ணா?"

"எங்கிட்ட சொன்னமாதிரியே சொல்லு. எனக்கு ஒண்ணும் கோவம் வரலயே."

போனை வைத்துவிட்டு வினோதினி இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். டிசைன் போடத்தான் வேலைக்கு வந்தாள். சம்பந்தமே இல்லாத வீட்டில் மாமனுக்கும் மருமகனுக்கும் நடுவில் போய் நிற்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. தெரிந்திருந்தால் கேட்டிருக்கவே மாட்டோமோ என்றுகூட நினைத்தாள். ஆனால் கேட்காமல் பேரைப் போட்டிருந்தால் செத்தவள் பேச்சு போயிருக்கும். முகத்தைப் போட்டிருந்தால் கோடி போயிருக்கும். எப்படிப் பார்த்தாலும் கேட்டதுதான் சரி. அலுப்பு மட்டும் குறையவில்லை.

ஆதிமூலம் வந்தபோது கடையில் கூட்டமாக இருந்தது. எழுபதை ஒட்டின ஆள், நல்ல உயரம், வெள்ளைச் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. கையில் துணிக்கடைப் பை. பைக்குள் கோடிப் புடவையின் மடிப்பு தெரிந்தது. முகத்தில் துக்கத்தைவிட விறைப்புதான் அதிகமாக இருந்தது.

"அடி அண்ணாமலை சாவு பேனர் யாரு போடறது?"

"நான்தாங்க ஐயா. உக்காருங்க."

அவர் உட்காரவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். "எம் பேரு வந்துக்குதா? அத காட்டு மொதல்ல."

வினோதினி எல்லாப் பேரும் இருக்கிற பேனரைத் திறந்தாள். அவர் சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு தேடினார். அவளாகக் காட்டவில்லை. அவரே கண்டுபிடிக்கட்டும் என்று காத்திருந்தாள். விரல் திரையைத் தொட்டும் தொடாமலும் வரிவரியாக இறங்கியது. இரண்டாவது வரிசையில் நின்றது. சகோதரர் ஆதிமூலம், கீழ்பென்னாத்தூர்.

"ம். இருக்குது." விறைப்பு கொஞ்சம் தளர்ந்தது. திரை முழுக்கப் பார்த்தார். "இதுல எங்க அக்கா எங்க கீது?"

"இந்த மூலையில இருக்காங்க பாருங்க ஐயா."

அவர் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"ஏன், இவ்ளோதானா?"

"நாப்பது பேருக்கு மேல வருதுங்க ஐயா. பேரு எல்லாம் வெச்சா அம்மாவுக்கு இவ்ளோதான் இடம் மிச்சம். எழுத்த இன்னும் சின்னதாக்குனா ரோட்லருந்து படிக்க முடியாது. ரெண்டையும் ஒண்ணா வெக்க நானும் பாத்துட்டேன், முடியல. தசரதன் அண்ணா உங்கள கேட்டுக்க சொன்னாரு."

கடைசி வாக்கியத்தை அவள் யோசித்துத்தான் சொன்னாள். பொய் இல்லை அது. மருமகன் தன்னைக் கேட்கச் சொன்னான் என்பது கிழவர் காதில் விழுந்ததை அவர் முகத்திலேயே பார்த்தாள்.

"என்னையா கேக்க சொன்னான்?"

"ஆமாங்க ஐயா. இன்னொண்ணும் இருக்கு, பாருங்க." முகம் பெரிதாக இருந்ததைத் திறந்தாள்.

திரை முழுக்க ஆராயி சிரித்தாள். வெற்றிலைக் கறை உதட்டோரத்தில் தெரிந்தது. ஆதிமூலம் சட்டென்று நிமிர்ந்து, பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். பை மடியில் இருந்தது.

"இது எம் பொண்ணு கல்யாணத்துல எடுத்தது" என்றார். "மண்டபத்துல. நானும் பக்கத்துல நின்னுக்கினு இருந்தேனே."

"ஆமாங்க ஐயா. அம்மா மட்டும் இருக்கணும்னு மத்தவங்கள எல்லாம் மறைச்சிட்டேன்."

"தோள் மேல கைய போட்டிருந்தேன். கூச்சமா கீது, எட்றா கையன்னு சொல்லிச்சு. எடுக்கல. அதுக்குதான் சிரிக்குது."

வினோதினிக்கு அப்போதுதான் உறைத்தது. தான் பச்சை இழுத்து மூடினது இவர் கையைத்தான். அஞ்சலி பேனரில் உயிரோடு இருக்கிறவரின் அங்கம் எதுவும் வரக்கூடாது என்பது முறைதான். ஆனால் அவள் அதை அழிக்கவில்லை, மறைத்துத்தான் வைத்திருந்தாள். மௌஸை எடுத்து, தோள்பட்டை இருந்த இடத்தை மட்டும் மெல்லத் திறந்துவிட்டாள்.

பச்சைப் புடவையின் மேல் கை வந்தது. மணிக்கட்டு வரைக்கும்தான். தடித்த விரல்கள், ஒன்றில் மோதிரம். ஆதிமூலம் தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். அதே மோதிரம் இன்றும் விரலில் இருந்தது.

மிஷின் அன்னதானத்தை முடித்துவிட்டு நின்றது. கடைக்குள் திடீரென்று சத்தம் குறைந்தது. அவர் அழுகிறாரா என்று பார்க்க வினோதினிக்குத் துணிவு வரவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"படுத்துக்கினு இருந்தப்ப வந்து பாத்திருக்கணும்" என்றார் அவர். "பத்திரிகையில பேரு கடைசில போட்டாங்கன்னு ஒரு கோவம். இப்ப பேரு ரெண்டாவது வரில கீது. அதை வெச்சுக்கினு இன்னா பண்றது நானு?"

அவர் பார்வை திரும்பவும் திரையில் இருந்த கைக்குப் போனது.

"பேரு எதுவும் வேணாம். இந்தக் கை இருக்கட்டும்."

"மத்தவங்க பேரு ஐயா?"

"காரியப் பத்திரிகைல போட்டுடு. யாராவது ஏதாவது கேட்டா எம் பேர சொல்லு. நான்தான் வேணாம்னேன்னு." எழுந்தார். பையைச் சரியாகப் பிடித்துக்கொண்டார். "அங்க மட்டும் ஒருத்தன் பேரும் விட்டுடாத."

அவர் படி இறங்கினதும் வினோதினி தசரதனுக்கு ஒரு தரம் கூப்பிட்டாள். சொன்னவர் மாமாவாக இருந்தாலும் பேனர் கேட்டவர் அவர்தானே. நடந்ததைச் சொன்னாள். பேர் எதுவும் வராது, பத்திரிகையில் வரும், தோளில் கை மட்டும் இருக்கும், சரிதானா அண்ணா என்று கேட்டாள். தசரதன், "கோடி எடுத்துக்கினு கெளம்பிட்டாரா?" என்று மட்டும் கேட்டார். கிளம்பிவிட்டார் என்றாள். "அப்பிடின்னா அதையே போட்டுடுமா" என்றார். போனை வைக்கும்போது மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

பேனர் மிஷினிலிருந்து மெல்ல இறங்கியது. முதலில் நெற்றி, பிறகு சிரிப்பு, பிறகு தோள். அப்பாசாமி கண்ணைச் சுருக்கிக்கொண்டு கிட்டத்தில் வந்தார். பதறிப்போய்ச் சுவிட்சை நோக்கிக் கையை நீட்டினார்.

"ஏம்மா, தோள் மேல யாரோட கையோ நிக்குது. தூக்கக் கலக்கத்துல விட்டுட்டியா?"

"பாத்துதான் சார் விட்டேன்" என்றாள் வினோதினி. அடுத்த அன்னதான பேனரைத் திறந்து வைத்துவிட்டு, ஒரு நிமிஷம் மேசையில் தலை சாய்த்துக்கொண்டாள்.